ஒற்றைப்படை மாயச் சதுரம்: ஒரு பிரிஸ்டல் போர்டைப் பாழாக்கியவன் எழுதும் வழிகாட்டி

மகளின் பள்ளிக்கூடத்தில் கணித தினம். முதல் நாள் இரவு எட்டரைக்குத்தான் என்னிடம் சொன்னாள், நாளைக்கு மாயச் சதுரம் ஒன்று பெரிதாகப் போட்டுக் கொண்டு போக வேண்டுமாம். கட்டங்களில் எண்களை நிரப்பி, நிரை, நிரல், மூலைவிட்டம் எதைக் கூட்டினாலும் ஒரே தொகை வருகிற சதுரம் அது. வெள்ளவத்தையில் கடை பூட்டுவதற்கு முன் ஓடிப்போய் ஒரு பிரிஸ்டல் போர்ட்டும் இரண்டு மார்க்கர் பேனையும் வாங்கி வந்தேன். எனக்கு ஒரு முறை அரைகுறையாக நினைவிருந்தது: மேல் நிரையில் 1ஐப் போடு, குறுக்காக ஏறு, இடம் இல்லாவிட்டால் கீழே இறங்கு. நான்குக்கு நான்கு போட்டால் அளவாக இருக்கும் என்று போட்டேன். 16 எண்களும் அழகாக உள்ளே உட்கார்ந்தன. மேலிருந்து கீழாகக் கூட்டிப் பார்த்தேன், நான்கு நிரல்களும் 34. போதும் என்று படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் ரீச்சர் இடமிருந்து வலமாகக் கூட்டச் சொல்லியிருக்கிறார். முதல் நிரை 32, இரண்டாவது 36. பிள்ளை வீட்டுக்கு வந்து என்னோடு பேசவில்லை.

அந்தச் சதுரம் ஏன் பாதி சரியாக வந்தது, பாதி ஏன் பிழைத்தது என்று பிறகு உட்கார்ந்து பார்த்தபோதுதான் இந்த முறை ஏன் வேலை செய்கிறது என்பதே எனக்கு விளங்கியது. நீங்கள் நாளைக்கே ஒன்று போட வேண்டியிருந்தால் 1 முதல் 4 வரை போதும். ஏன் என்று தெரிய வேண்டுமென்றால் 5இலிருந்து வாசியுங்கள், எனக்கு அதுதான் ருசி.

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு நேரம்

சதுரக் கட்டம் போட்ட கணக்குக் கொப்பி ஒன்று, பென்சில், அழிறப்பர். இவ்வளவுதான். செலவென்று சொல்ல ஒன்றுமில்லை, பிரிஸ்டல் போர்டில் நேரடியாக மார்க்கரால் எழுதினால் மட்டும்தான் செலவு, ஏனென்றால் இன்னொன்று வாங்க வேண்டி வரும். முதலில் கொப்பியில் போட்டு, கூட்டிப் பார்த்து, பிறகு பிரதி பண்ணுங்கள்.

ஐந்துக்கு ஐந்து சதுரம் போட எனக்கு இப்போது நான்கு நிமிடம், முதல் தடவை கால் மணித்தியாலம் எடுத்தது. ஏழுக்கு ஏழு போட்டுக் கூட்டிச் சரிபார்க்க அரை மணி வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்கும் நேரம்தான் அதிகம், அதைக் குறைக்காதீர்கள்.

அளவு கட்டாயம் ஒற்றையாக இருக்க வேண்டும்: 3, 5, 7, 9 என்று. நான்கு, ஆறு, எட்டுக்கு இந்த முறை சரிவராது. அவற்றுக்கு வேறு முறைகள் உண்டு, இங்கே அவற்றைத் தொடப் போவதில்லை.

2. எழுதுவதற்கு முன்னால் கூட்டுத்தொகையைக் கண்டுபிடியுங்கள்

ஐந்துக்கு ஐந்து என்றால் 1 முதல் 25 வரையான எண்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 325. ஐந்து நிரைகளும் சமமாகப் பங்குபோட வேண்டும், அப்படியானால் ஒரு நிரைக்கு 65. இதைக் கொப்பியின் மேலே பெரிதாக எழுதி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற அளவுகளுக்கு: அளவை அதனாலேயே பெருக்கி ஒன்றைக் கூட்டி, திரும்பவும் அளவால் பெருக்கி, இரண்டால் வகுங்கள். மூன்றுக்கு 15, ஏழுக்கு 175, ஒன்பதுக்கு 369.

3. ஏறும் விதி

இந்த முறைக்கு சியாமிய முறை என்றொரு பெயர் உண்டு. விதி மூன்றே வரி.

மேல் நிரையின் நடுக் கட்டத்தில் 1. அடுத்த எண் எப்போதும் ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் வலமாக, அதாவது வலப்பக்கச் சரிவில் ஒரு படி ஏறும். அங்கே ஏற்கெனவே ஒரு எண் இருந்தால், ஏறாமல், நின்ற இடத்திலிருந்து நேரே கீழே ஒரு கட்டம் இறங்கும்.

சதுரத்துக்கு வெளியே போய்விட்டால்? மேலே போய்விட்டால் அதே நிரலில் அடியிலிருந்து வாருங்கள். வலப்பக்கம் போய்விட்டால் அதே நிரையில் இடது ஓரத்திலிருந்து வாருங்கள். பழைய நோக்கியா போனில் பாம்பு விளையாடியவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. மற்றவர்கள் கொப்பித்தாளைக் குழாய்போலச் சுருட்டி மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் ஒட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள், பக்கங்களுக்கும் அப்படியே.

இப்போது ஐந்துக்கு ஐந்தைப் போடுவோம். பென்சிலை எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.

1 மேல் நிரையில் மூன்றாவது நிரலில். ஒரு படி ஏறினால் வெளியே, நான்காவது நிரலுக்கு மேலே நிற்கிறோம். ஆகவே 2 நான்காவது நிரலின் அடியில் வரும். அங்கிருந்து ஏறினால் 3, கீழிருந்து இரண்டாவது நிரை, ஐந்தாவது நிரல். இன்னொரு படி ஏறினால் வலப்பக்கம் வெளியே போகிறோம், அதனால் 4 நடு நிரையின் இடது ஓரத்தில். பிறகு 5, மேலிருந்து இரண்டாவது நிரை, இரண்டாவது நிரல். 5இலிருந்து ஏறப் பார்த்தால் அங்கே 1 இருக்கிறது. அதனால் 6, 5க்கு நேர் கீழே.

இங்கேதான் முதல் பொறி. பலர் 6ஐ 1க்குக் கீழே போட்டுவிடுவார்கள், போக நினைத்த கட்டத்துக்குக் கீழே என்று விளங்கிக்கொண்டு. அப்படியில்லை. நீங்கள் நிற்கும் கட்டத்துக்குக் கீழே. நிற்பது 5இல்.

7, 8 சுகமாக ஏறும். 9 மேலே வெளியேறி கடைசி நிரலின் அடிக்கு வரும், 10 வலப்பக்கம் வெளியேறி கீழிருந்து இரண்டாவது நிரையின் இடது ஓரத்துக்கு வரும். 11க்கு ஏறப் பார்த்தால் 6 மறிக்கிறது, ஆகவே 10க்குக் கீழே, இடது பக்க அடி மூலையில் 11. அங்கிருந்து 12, 13, 14, 15 ஒரு தடையும் இல்லாமல் மூலையிலிருந்து மூலைக்கு ஏறிப் போகும்.

15 நிற்பது வலப்பக்க மேல் மூலையில். இதுதான் இரண்டாவது பொறி, எல்லாரும் தடுமாறும் இடம். ஏறினால் மேலேயும் வெளியே, வலப்பக்கமும் வெளியே. பதற வேண்டாம், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்புங்கள்: அடிக்கு வாருங்கள், பிறகு இடப்பக்கம் வாருங்கள். போய்ச் சேர்வது இடது அடி மூலை. அங்கே 11 இருக்கிறது. ஆகவே 16, 15க்கு நேர் கீழே.

17 வலப்பக்கம் வெளியேறி இடது மேல் மூலைக்கு. 18 மேலே வெளியேறி இரண்டாவது நிரலின் அடிக்கு. 19, 20 ஏறும். 21ஐ 16 மறிக்கும், 20க்குக் கீழே போடுங்கள். 22 ஏறும், 23 வலப்பக்கம் வெளியேறி இரண்டாவது நிரையின் இடது ஓரத்துக்கு, 24 ஏறும், 25 மேலே வெளியேறி அடி நிரையின் நடுவில் வந்து முடியும்.

```
17  24   1   8  15
23   5   7  14  16
 4   6  13  20  22
10  12  19  21   3
11  18  25   2   9
```

4. சரிபார்ப்பது, பிழையைப் பிடிப்பது

எழுதிக்கொண்டிருக்கும்போதே பிழையைக் கண்டுகொள்ள இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று, இறங்குவது ஐந்தின் மடங்குக்குப் பிறகு மட்டும்தான் வரும்: 5, 10, 15, 20. எட்டிலிருந்து போகும்போது வழி அடைபட்டிருந்தால் ஏற்கெனவே எங்கேயோ பிழைத்துவிட்டீர்கள். இரண்டு, ஒற்றை அளவுச் சதுரத்தில் இறங்கும்போது ஒருநாளும் அடி ஓரத்தைத் தாண்டி வெளியே போக மாட்டீர்கள். போனால் அதுவும் பிழை. என் நான்குக்கு நான்கில் 8இலிருந்து இறங்கும்போது வெளியே போய்த்தான் 9ஐ மேலே போட்டேன், அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

முடிந்த பிறகு ஐந்து நிரை, ஐந்து நிரல், இரண்டு மூலைவிட்டம், மொத்தம் 12 கூட்டல். பன்னிரண்டையும் செய்யுங்கள். நான் செய்தது நான்குதான், அதன் பலனைத்தான் மேலே சொன்னேனே.

ஒரு நிரையும் ஒரு நிரலும் மட்டும் பிழைத்து, இரண்டிலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் (இரண்டிலும் 3 குறைகிறது என்று வையுங்கள்), அவை சந்திக்கும் கட்டத்தில் பிரதி பண்ணும்போது கைதவறியிருக்கிறது. 19ஐ 16 என்று எழுதியிருப்பீர்கள். நிரைகள் எல்லாம் சரி, இரண்டு நிரல் மட்டும் பிழை, ஒன்றில் கூடியது மற்றதில் குறைந்தது என்றால், ஒரே நிரைக்குள் இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கின்றன. இதற்கெல்லாம் முழுவதையும் அழிக்கத் தேவையில்லை.

5. ஏன் எல்லாம் 65? தொடர்மாடிக் கதை

நாங்கள் இருப்பது தொடர்மாடியில். ஒரு மாடிக்கு ஐந்து கதவு, தரைமாடியோடு சேர்த்து ஐந்து மாடி என்று வையுங்கள். மொத்தம் 25 வீடு. இங்கே தரைமாடிக்கு இலக்கம் 0, அதற்கு மேலேதான் முதலாம் மாடி. அப்படியானால் வீட்டு இலக்கம் 1 முதல் 5 வரை தரைமாடி, 6 முதல் 10 வரை முதலாம் மாடி, இப்படியே போய் 21 முதல் 25 வரை நான்காம் மாடி.

17ஆம் வீடு எங்கே? மூன்றாம் மாடி, இரண்டாம் கதவு. மூன்றைந்து பதினைந்து, கூட இரண்டு. எந்த இலக்கத்தையும் இப்படி மாடி ஐந்து தடவை, அதோடு கதவு என்று பிரிக்கலாம்.

இனி மேலே போட்ட சதுரத்தில் எண்ணை எடுத்துவிட்டு மாடியை மட்டும் எழுதிப் பாருங்கள்:

```
3  4  0  1  2
4  0  1  2  3
0  1  2  3  4
1  2  3  4  0
2  3  4  0  1
```

கதவை மட்டும் எழுதினால்:

```
2  4  1  3  5
3  5  2  4  1
4  1  3  5  2
5  2  4  1  3
1  3  5  2  4
```

ஏதாவது ஒரு நிரையை எடுங்கள். ஐந்து மாடியும் ஒவ்வொரு தடவை, ஐந்து கதவும் ஒவ்வொரு தடவை. நிரலிலும் அப்படியே. ஆகவே எந்த நிரையைக் கூட்டினாலும், நிரலைக் கூட்டினாலும் வருவது ஒன்றே: மாடிகள் 0, 1, 2, 3, 4 கூட்டினால் 10, ஐந்தால் பெருக்கினால் 50, கதவுகள் 1 முதல் 5 வரை கூட்டினால் 15. ஐம்பதும் பதினைந்தும் 65. எண்கள் வேறு வேறாகத் தெரிந்தாலும் உள்ளே கூட்டப்படுவது அதே பத்துப் பொருள்கள்தான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது.

சரி, இது கண்ணால் கண்டது. ஏறி இறங்கும் விதி இதை எப்படி உண்டாக்குகிறது?

6. ஒவ்வொரு அடியிலும் மாடிக்கும் கதவுக்கும் நடப்பது

குறுக்காக ஒரு படி ஏறுவது என்றால் அதே மாடியில் அடுத்த கதவு. 11, 12, 13 என்று போவது இரண்டாம் மாடி நடைபாதையில் நடப்பது மாதிரி. ஐந்து கதவும் முடிந்து இன்னும் ஒரு படி ஏறினால், குழாய்போலச் சுருட்டிய தாளில் ஒரு சுற்று முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்போம், அங்கே அதே மாடியின் முதல் கதவு இருக்கிறது. அதனால்தான் வழி அடைபடுவது ஐந்தின் மடங்கில் மட்டும். மறிப்பது எப்போதும் அந்த மாடியின் முதல் வீடு: 5ஐ 1 மறித்தது, 10ஐ 6 மறித்தது, 15ஐ 11 மறித்தது.

அப்போது இறங்குகிறோம். 5இலிருந்து 6க்கு: மாடி ஒன்று கூடுகிறது, கதவு 5இலிருந்து 1க்குத் திரும்புகிறது. கதவுகளை ஒரு வட்டத்தில் அடுக்கினால் 5க்கு அடுத்தது 1, ஆகவே கதவும் ஒன்று கூடியதுதான். மாடியையும் அப்படியே வட்டமாக வையுங்கள், 4க்கு அடுத்தது 0.

இப்போது கவனிக்க வேண்டியது: இது 5க்கும் 6க்கும் மட்டும் உள்ள உறவல்ல. 5இலிருந்து சரிவில் ஒரு படி பின்னால் வாருங்கள், 4. 6இலிருந்தும் ஒரு படி பின்னால் வாருங்கள், 10 இருக்கும் இடம். 4க்கு நேர் கீழே 10 இருக்கிறதா? இருக்கிறது. மாடி 0இலிருந்து 1, கதவு 4இலிருந்து 5. இரண்டு சரிவுகளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதால் ஓரிடத்தில் உள்ள உறவு முழு நீளத்துக்கும் இருக்கிறது. ஆகவே சதுரத்தில் எங்கே நின்று கீழே ஒரு கட்டம் போனாலும் மாடியும் ஒன்று கூடும், கதவும் ஒன்று கூடும். அப்படியானால் ஒரு நிரலில் ஐந்து கட்டம் இறங்கினால் ஐந்து மாடியையும் ஐந்து கதவையும் ஒவ்வொரு முறை தொட்டாக வேண்டும். நிரல் முடிந்தது.

நிரைக்கு: வலப்பக்கம் ஒரு கட்டம் போவது என்பது என்ன? குறுக்காக ஒரு படி ஏறி, பிறகு ஒரு கட்டம் இறங்குவது. ஏறும்போது கதவு ஒன்று கூடும். இறங்கும்போது மாடி ஒன்று, கதவு ஒன்று கூடும். மொத்தத்தில் மாடி ஒன்று, கதவு இரண்டு. மேல் நிரையின் கதவுகளை மேலே பாருங்கள்: 2, 4, 1, 3, 5. இரண்டிரண்டாகத் தாவிப் போகிறது, ஐந்துக் கதவு வட்டத்தில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் திரும்புகிறது. நிரையும் முடிந்தது.

ஒற்றைப்படை எங்கே நுழைந்தது என்று இப்போது தெரிகிறதா? அந்த இரண்டிரண்டுத் தாவலில். ஐந்து கதவு உள்ள வட்டத்தில் இரண்டிரண்டாகத் தாவினால் எல்லாக் கதவும் கிடைக்கும். ஏழிலும் கிடைக்கும், ஒன்பதிலும் கிடைக்கும். நான்கு கதவு உள்ள வட்டத்தில் 1, 3, 1, 3 என்று ஒரே இரண்டு கதவைத்தான் தட்டிக்கொண்டிருப்போம்.

என் பிரிஸ்டல் போர்டில் இருந்தது இது:

```
15   1   7   9
 4   6  12  14
 5  11  13   3
10  16   2   8
```

மேல் நிரையின் கதவுகள் 3, 1, 3, 1. கூட்டினால் 8. இருக்க வேண்டியது 1, 2, 3, 4 கூட்டிய 10. இரண்டு குறைகிறது, ஆகவே 34க்குப் பதில் 32. இரண்டாவது நிரையின் கதவுகள் 4, 2, 4, 2, கூட்டினால் 12, இரண்டு கூடி 36. மாடிகளில் ஒரு குறையும் இல்லை, நிரல்களில் தாவல் ஒவ்வொன்றாகத்தான் என்பதால் அங்கும் குறையில்லை. நான் சரிபார்த்தது நிரல்களை மட்டும். வேண்டுமென்றே என்னை ஏமாற்ற யாரோ செய்த மாதிரி இருந்தது.

7. மூலைவிட்டங்களும், 1ஐ நடுவில் வைப்பதற்கான காரணமும்

நிரைக்கும் நிரலுக்கும் சொன்ன காரணத்தில் 1 எங்கே தொடங்குகிறது என்ற பேச்சே வரவில்லை. உண்மையில் 1ஐ எந்தக் கட்டத்தில் வைத்துத் தொடங்கினாலும் நிரையும் நிரலும் 65தான் வரும். ஆனால் மூலைவிட்டம் பிழைக்கலாம்.

இடது அடியிலிருந்து வலது மேல் வரை ஓடும் மூலைவிட்டம் ஒரு முழுச் சரிவு, அதாவது ஒரு முழு மாடி. நம் சதுரத்தில் அது 11 முதல் 15 வரை, இரண்டாம் மாடி முழுவதும். மாடிகளின் கூட்டுத்தொகை 10 வர வேண்டும், ஐந்து இரண்டும் பத்துத்தானே, கதவுகள் ஐந்தும் இருக்கின்றன, ஆகவே 65. நடு மாடி வந்ததால் தப்பினோம். 1ஐ இடது மேல் மூலையில் வைத்துத் தொடங்கிப் பாருங்கள், இந்த மூலைவிட்டத்தில் 21 முதல் 25 வரை வந்து உட்காரும், கூட்டினால் 115. மேல் நிரையில் தொடங்குவதென்றால் நடுவில் தொடங்கும்போதுதான், ஒற்றை அளவு எதுவானாலும், நடு மாடி இந்தச் சரிவில் வந்து விழுகிறது.

மற்ற மூலைவிட்டம் 17, 5, 13, 21, 9. இதற்கு மாடி கதவுக் கணக்கை விட எளிதான வழி ஒன்று உண்டு. தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். 1 இருந்த இடத்துக்கு 25 வருகிறது. இப்போது 25, 24, 23 என்று பின்னோக்கி நடந்து பாருங்கள்: ஏறிய படியில் பின்னால் போவதும், தலைகீழாகத் திருப்பிய தாளில் முன்னால் ஏறுவதும் ஒரே அடி. இறங்கியதைப் பின்னோக்கிச் செய்வதும் அப்படியே. ஆக, பின்னோக்கி நடக்கும் பாதை முன்னோக்கி நடந்த பாதையின் தலைகீழ்ப் பிரதி. அதனால் 1க்கு எதிரே 25, 2க்கு எதிரே 24, 3க்கு எதிரே 23. மையத்துக்கு நேரெதிராக உள்ள எந்த இரண்டைக் கூட்டினாலும் 26, மையத்தில் 13. மூலைவிட்டத்தில் இப்படி இரண்டு சோடியும் மையமும் இருக்கின்றன: 26, 26, 13. கூட்டினால் 65.

இந்த எதிரெதிர்ச் சோடி சரிபார்ப்பதற்கும் நல்ல வசதி. பிரிஸ்டல் போர்டில் பிரதி பண்ணிய பிறகு நான் கூட்டிப் பார்ப்பதற்கு முன்பு சோடிகளைத்தான் பார்ப்பேன், கண்ணாலேயே முடிந்துவிடும்.

8. வேறு கூட்டுத்தொகை வேண்டுமென்றால்

பக்கத்து வீட்டு மாமி தன் அண்ணாவின் பிறந்தநாள் வாழ்த்தட்டைக்கு 100 வருகிற மாதிரி ஒன்று கேட்டார். 1க்குப் பதில் 8இலிருந்து தொடங்கி 32 வரை போட்டால் சரி. ஒவ்வொரு கட்டத்திலும் 7 கூடுகிறது, ஒரு வரிக்கு ஐந்து கட்டம், 35, அறுபத்தைந்தோடு சேர்ந்து 100. அடுத்தடுத்து வரும் முழு எண்கள்தான் வேண்டுமென்றால் ஐந்துக்கு ஐந்தில் ஐந்தின் மடங்குகள்தான் கிடைக்கும். 72 கேட்டால் கையை விரியுங்கள், அல்லது மூன்றுக்கு மூன்றில் போட்டுக் கொடுங்கள்: 15ஓடு மும்மூன்றாகக் கூடும், 20இலிருந்து தொடங்கினால் 72. ஒரு எச்சரிக்கை, வழி அடைபடுவது ஐந்தின் மடங்கில் என்று மேலே சொன்னது 1இலிருந்து தொடங்கும்போது மட்டும். 8இலிருந்து தொடங்கினால் 12, 17, 22, 27க்குப் பிறகு இறங்குவீர்கள்.

9. ஏழுக்கு ஏழு, நீங்களே போட்டு ஒப்பிட

இறங்குவது 7, 14, 21, 28, 35, 42க்குப் பிறகு. மையத்தில் 25 வர வேண்டும், எதிரெதிர்ச் சோடிகள் 50, ஒவ்வொரு வரியும் 175. மறைத்து வைத்துக்கொண்டு போடுங்கள், பிறகு பாருங்கள்:

```
30  39  48   1  10  19  28
38  47   7   9  18  27  29
46   6   8  17  26  35  37
 5  14  16  25  34  36  45
13  15  24  33  42  44   4
21  23  32  41  43   3  12
22  31  40  49   2  11  20
```

உங்களுடையதில் 22 இடது அடி மூலையில் இல்லையென்றால் 28 வரை போகாமல் அங்கேயே நிறுத்துங்கள். பிழை பெரும்பாலும் 7, 14 அல்லது 21க்குப் பிறகு இறங்கிய இடத்தில்தான் இருக்கும், முதலில் 8 இருப்பது 7க்குக் கீழேயா 1க்குக் கீழேயா என்று பாருங்கள்.